நெகற்றிவ் தாயின் இரண்டாவது பிள்ளை

“எனக்கு ஓ நெகற்றிவ், அவருக்கு ஓ பொசிற்றிவ். முதல் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த பிள்ளைக்குத்தான் பயம் என்கிறார்களே, ஏன்?”

கொழும்பில் ஓர் இரத்த வங்கி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். என் அக்காவும் ஓ நெகற்றிவ்தான்.

ஏ, பி வகைகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் நம் உடம்பில் சின்ன வயதிலேயே தாமாக உண்டாகிவிடும். அதனால்தான் ஓ வகைக்காரருக்குத் தவறுதலாக ஏ இரத்தம் ஏற்றினால், முதல் தடவையிலேயே, சில நிமிடங்களில் செங்குழியங்கள் இரத்தக் குழாய்க்குள் உடைந்து நடுக்கமும் இடுப்பு வலியும் சிவந்த சிறுநீருமாக வெளிப்படும்.

நெகற்றிவ், பொசிற்றிவ் என்று பிரிக்கும் டி என்ற செங்குழிய அடையாளம் அப்படியல்ல. நெகற்றிவ் உடம்பு டி உள்ள குழியத்தை ஒருமுறை சந்தித்த பிறகுதான் அதை எதிர்க்கப் பழகும். பெரும்பாலும் அந்தச் சந்திப்பு முதல் பிரசவத்தில், சூல்வித்தகம் கழலும்போது நடக்கிறது. எதிர்ப்பு உருவாக வாரக்கணக்காகும். அதற்குள் பிள்ளை வெளியே வந்துவிடும். ஆனால் உடம்பு மறக்காது. அடுத்த பொசிற்றிவ் பிள்ளையின் இரத்தம் துளி கசிந்தாலும், சூல்வித்தகத்தைக் கடக்கக்கூடிய ஐஜிஜி வகைப் பிறபொருளெதிரிகள் பெருகி உள்ளே போய்ப் பிள்ளையின் செங்குழியங்களில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளையின் மண்ணீரல் அவற்றை அழிக்கும்.

பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் போடும் அன்ரி-டி ஊசி, தாய்க்குள் வந்த பிள்ளையின் குழியங்களைத் தாயின் உடம்பு கவனிக்கும் முன்பே அகற்றிவிடும். அக்காவுக்கு மகள் பிறந்தபோது இதைப் போட்டார்கள். அப்புறம் நாலாம் மாதத்தில் ஒரு கரு கலைந்தது. அப்போது போன இடத்தில் யாரும் இரத்த வகையைக் கேட்கவில்லை, ஊசியும் போடவில்லை. இன்றும் எனக்கு ஆறாத விஷயம் அது.

அடுத்த கர்ப்பத்தில், 28ஆம் வாரம், தாயின் இரத்தத்தில் அந்த எதிர்ப்பு உண்டா என்று பார்க்கும் மறைமுக கூம்ஸ் பரிசோதனை பொசிற்றிவ். அதன் பிறகு ஊசி பயன்படாது. உண்டாகிவிட்ட எதிர்ப்பை அது அழிக்காது. மகன் பிறந்தபோது தோலில் மஞ்சள் இல்லை, ஏனென்றால் வயிற்றுக்குள் இருந்தவரை உடைந்த செங்குழியங்களிலிருந்து வரும் மஞ்சள் பொருளான பிலிருபினை அக்காவின் ஈரல்தான் அகற்றிக்கொண்டிருந்தது. அன்று மாலையே கண்கள் மஞ்சளாகின. சாதாரண பிள்ளைச் செங்கமாரி முதல் 24 மணி நேரத்துக்குள் வராது. பிள்ளையின் செங்குழியங்களில் பிறபொருளெதிரி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் நேரடி கூம்ஸும் பொசிற்றிவ். ஒளிச் சிகிச்சை போதவில்லை. பிலிருபின் மூளைக்குப் போனால் செவிப்புலனும் போகலாம் என்பதால் இரத்தம் மாற்றினார்கள். 2.8 கிலோ பிள்ளைக்கு கிலோவுக்கு 160 மில்லிலீற்றர் கணக்கில் ஏறத்தாழ 450 மில்லிலீற்றர், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி. பிள்ளை பொசிற்றிவ் என்றாலும் ஏற்றியது நெகற்றிவ் இரத்தம். அவனுக்குள் இருந்த தாயின் பிறபொருளெதிரி பொசிற்றிவ் குழியங்களை உடைத்திருக்கும். இப்போது அவனுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

சரி, உங்கள் பழைய கிளினிக் அட்டையை எடுத்து, முதல் பிரசவத்தின்போது அன்ரி-டி போட்ட பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இடையில் கரு கலைந்திருந்தாலோ இரத்தக் கசிவு இருந்திருந்தாலோ மருத்துவரிடம் மறக்காமல் சொல்லி, மறைமுக கூம்ஸ் பரிசோதனையை இப்போதே கேளுங்கள். அது நெகற்றிவ் என்றால் ஊசிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.