ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்: எந்த விலையிலிருந்து கணக்குப் போடுவது?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஓர் இல்லத்தரசி: துணி துவைக்கும் திரவம் ஒரு லிட்டர் பாட்டில் 240 ரூபாய், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தார்கள். பாதி விலைதானே என்று நான்கு பாட்டில் எடுத்து வந்துவிட்டேன். வழக்கமாக நான் வாங்குவது அதே கம்பெனியின் 2 லிட்டர் பாக்கெட். எங்கள் மளிகைக் கடையில் 230 ரூபாய்க்குக் கிடைக்கும். வீட்டுக்காரர் "இதில் என்ன மிச்சம்" என்கிறார். மிச்சமா இல்லையா, ஐயா?

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதே சரி, அம்மா. நான்கு பாட்டிலுக்கு 480 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். அதே நான்கு லிட்டரை மளிகைக் கடையில் இரண்டு பாக்கெட்டாக 460 ரூபாய்க்கு வாங்கியிருக்கலாம். இருபது ரூபாய் பெரிய நட்டமில்லை; ஆனால் 480 ரூபாய் மிச்சப்பட்டது என்று நீங்கள் நினைத்த இடத்தில் உண்மையில் இருபது ரூபாய் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது.

பாட்டிலில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. என்பது, எல்லா வரிகளையும் சேர்த்து, அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு மட்டுமே. அந்தப் பொருள் அன்றாடம் அந்த விலைக்குத்தான் விற்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. கோவையில் ஒரு பெரிய கடையின் கொள்முதல் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், சலுகை கொடுப்பதற்கு இடம் விட்டே எம்.ஆர்.பி. வைக்கப்படும் பொருள்களை அடிக்கடி பார்த்திருக்கிறேன். சோப்பு, துவைக்கும் திரவம், தரை துடைக்கும் திரவம் ஆகியவற்றில் இது அதிகம். ஆகவே எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று பார்ப்பதை விட்டுவிட்டு, "சென்ற மாதம் இதற்கு நான் என்ன கொடுத்தேன்" என்ற ஒரு விலையை மனத்தில் வைத்துக்கொண்டு அதிலிருந்து கணக்குப் போடுங்கள்.

பல பாக்கெட்டுகளில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு இவ்வளவு என்று அலகு விலையும் அச்சிடப்படுகிறது. இரண்டு வேறு அளவுகளை ஒப்பிட அது நன்றாக உதவும். ஆனால் அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. கடைக்காரர் தரும் சலுகை அதில் சேராது. சலுகைப் பொருளுக்கு, கையிலிருந்து போகும் மொத்தப் பணத்தைக் கைக்கு வரும் மொத்த அளவால் நீங்களேதான் வகுத்துப் பார்க்க வேண்டும்.

கோவை வடவள்ளியிலிருந்து ஓர் இளைஞர்: அண்ணா, கெட்டுப்போகாத பொருளுக்கு இது சரி. எங்கள் பகுதி பேக்கரி ஒன்றில் இரவு எட்டு மணிக்கு மேல் பிரெட் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். அங்கே விலை 60 ரூபாய். பக்கத்து பேக்கரியில் அதே அளவு பிரெட் 45 ரூபாய். வீட்டில் நானும் மனைவியும்தான். இரண்டு பிரெட் 60 ரூபாய் என்றால் எப்படியும் இலாபம்தானே?

பதில்: எப்படியும் என்று சொல்ல முடியாது, தம்பி, எவ்வளவு சாப்பிட்டு முடிப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. இதற்கு ஒரு சுருக்கமான வழி உண்டு. சலுகைக்காக நீங்கள் கொடுக்கும் தொகையை, வழக்கமாக ஒன்றுக்குக் கொடுக்கும் விலையால் வகுத்துப் பாருங்கள். 60ஐ 45ஆல் வகுத்தால் ஒன்றேகால் தாண்டி, ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் வரும். அத்தனை பிரெட்டை நீங்கள் சாப்பிட்டு முடித்தால் போட்ட பணம் சரியாகிவிடும்; அதற்கு மேல் சாப்பிடும் ஒவ்வொரு துண்டும்தான் இலாபம். ஒரு பிரெட்டில் பதினைந்து துண்டு என்று வைத்துக்கொண்டால், இருபதாவது துண்டைச் சாப்பிட்டு முடிக்கும்போதுதான் உங்களுக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை; அதற்கு முன்பே நிறுத்தினால் நட்டம்தான். இரண்டாவது பிரெட்டைப் பிரிக்காமலேயே பூசணம் பிடித்துவிட்டால், பக்கத்துக் கடையில் 45 ரூபாய்க்கு முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 60 ரூபாய் கொடுத்தவர் ஆகிறீர்கள்.

இரவில் தரப்படும் பிரெட்டுக்கு ஆயுள் குறைவு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; உறையில் உள்ள தேதியைப் பார்த்து, மீதி எத்தனை நாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் வைக்க இடம் இருக்கும் வீட்டுக்கு இதே சலுகை நல்ல சலுகையாகிவிடும்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்: ஷாம்பு, பற்பசை இவற்றில் பழைய விலை ஒன்று அச்சிலும், குறைந்த விலை ஒன்று ஸ்டிக்கரிலும் பார்த்தேன். இது வரி குறைந்ததால் வந்தது, கடைக்காரர் தரும் தள்ளுபடி அல்ல. ஆனால் வரி 18இலிருந்து 5 சதவீதம் ஆனதால் 100 ரூபாய்ப் பொருள் 87 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். ஸ்டிக்கரில் 89 என்று இருக்கிறது. இரண்டு ரூபாயை அமுக்கிவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

பதில்: முதல் பாதியைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், குளியல் சோப்பு போன்றவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. கடைகளில் ஏற்கெனவே இருந்த சரக்குக்குத் திருத்திய விலை ஒட்டப்பட்டது. ஆனால் 13 ரூபாய் குறைய வேண்டும் என்ற கணக்கு தவறு. எம்.ஆர்.பி.க்குள்ளேயே வரி அடங்கியிருப்பதால், 100 ரூபாயில் பொருளின் விலை 84 ரூபாய் 75 காசுதான். மீதி பழைய வரி. அந்த 84.75க்கு 5 சதவீதம் சேர்த்தால் 88 ரூபாய் 99 காசு. ஆகவே 89 என்பது நேர்மையான விலையே.

கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தப் பதினொரு ரூபாயையே "11 சதவீதம் சிறப்புத் தள்ளுபடி" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டால், சட்டப்படி ஏற்கெனவே குறைந்துவிட்ட விலையையே சலுகையாகக் காட்டுகிறார்கள் என்று பொருள். கடையின் தள்ளுபடி 89இலிருந்து கீழே எவ்வளவு இறங்குகிறது என்றே பாருங்கள்.

பவானியிலிருந்து ஒருவர்: ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தால் அடியில் வேறு விலை இருக்கிறதே, அது சரியா?

பதில்: விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் தயாரிப்பாளர் அச்சிட்ட எம்.ஆர்.பி.யை அது மறைக்கக் கூடாது என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. உரித்தால்தான் பழைய விலை தெரிகிறது என்றாலே அது தவறான ஸ்டிக்கர். அடியில் இருப்பது குறைந்த விலையாக இருந்தால், படம் எடுத்துக்கொண்டு, பில்லையும் பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

திருப்பூரிலிருந்து, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்: நாங்கள் மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு ஒரே கடையில் மளிகை வாங்குகிறோம். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி; ஒரு புள்ளி ஐம்பது காசு. ஐந்நூறு புள்ளி சேர்ந்த பிறகுதான் கழிக்க முடியுமாம். வாங்கி ஒரு வருடம் ஆனால் அந்தப் புள்ளி காலாவதியாகிவிடுமாம். ஐந்நூறு வந்தபாடில்லை. என்ன செய்யலாம், அண்ணா?

பதில்: நீங்கள் கொடுத்த விவரங்களிலேயே விடை இருக்கிறது. மாதம் நாற்பது புள்ளி என்றால் பன்னிரண்டு மாதத்தில் 480 புள்ளி. பதின்மூன்றாவது மாதம் புதிதாக நாற்பது சேரும்போது, முதல் மாதத்து நாற்பது உதிர்ந்துவிடும். ஆக, நீங்கள் எத்தனை வருடம் அந்தக் கடையிலேயே வாங்கினாலும் கணக்கு 480ஐத் தாண்டாது. உங்களைப் போன்ற குடும்பத்துக்கு அந்தத் திட்டத்தின் மதிப்பு சுழியம்.

வருடத்தில் இன்னும் இரண்டாயிரம் ரூபாய்க்கு அங்கே வாங்கினால் ஐந்நூறைத் தொடலாம்; கிடைப்பது 250 ரூபாய். வேறு கடையில் எப்படியும் வாங்கப் போகும் தீபாவளிச் சாமான்களை, அதே விலைக்குக் கிடைத்தால் இங்கே மாற்றி வாங்குங்கள். அப்போது 250 ரூபாயும் உங்களுக்கே. தேவையில்லாத இரண்டாயிரத்துக்கு வாங்கினால் 250க்காக 2,000 செலவழித்ததாகும். எண்ணெய், சர்க்கரை, அரிசி ஆகியவற்றுக்குப் புள்ளி கிடையாது என்று சில கடைகளில் விதி இருக்கும். உங்கள் பில்லில் எத்தனை ரூபாய்க்குப் புள்ளி ஏறியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லாம் நன்றாக நடந்தாலும் இது அரை சதவீதத் தள்ளுபடிதான்: நாலாயிரத்துக்கு இருபது ரூபாய். துவரம்பருப்பு கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவாக விற்கும் கடையில் இரண்டு கிலோ வாங்கினாலே அது கைக்கு வந்துவிடும்.

கரூரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: ஐயா அவர்கள் புள்ளிகளை மிகவும் தாழ்த்திச் சொல்கிறார். எப்படியும் வாங்குகிற பொருளுக்குச் சும்மா வருவதை ஏன் விட வேண்டும்?

பதில்: விட வேண்டும் என்று சொல்லவில்லை, ஐயா. புள்ளிக்காகக் கடையைத் தேர்ந்தெடுக்காமல், தேர்ந்தெடுத்த கடையில் புள்ளி கிடைத்தால் வாங்கிக்கொள்வதில் பிழையில்லை. அது முழுக்கச் சும்மா வருகிறதா என்பதில்தான் எனக்குத் தயக்கம்: உங்கள் கைபேசி எண்ணும், என்றைக்கு என்ன வாங்குகிறீர்கள் என்ற விவரமும் கடைக்குப் போகின்றன. அதற்கு எத்தனை ரூபாய் மதிப்புப் போடுவது என்று எனக்கு ஒரு கணக்கு இல்லை. உங்களுக்கு அது பொருட்டில்லை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தியூரிலிருந்து மளிகைக் கடைக்காரர்: நானும் ஒன்றுக்கு ஒன்று இலவசம் போடலாமா? எந்தப் பொருளுக்குப் போட்டால் கட்டுபடியாகும்?

பதில்: இங்கே பேசுவது வாங்குகிறவர் பக்கத்துக் கணக்கு, அண்ணாச்சி; உங்கள் கேள்வி எதிர்ப்பக்கம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: விநியோகஸ்தர் இரண்டாவது பொருளைத் தம் செலவில் தராவிட்டால், உங்கள் கொள்முதல் விலையின் இரண்டு மடங்கு எம்.ஆர்.பி.க்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். மளிகையில் பெரும்பாலும் அடங்காது.

ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியை: ஆடித் தள்ளுபடியில் ஒரு புடவைக்கு "50 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்" என்று ஒட்டியிருந்தது. 70 சதவீதம் என்று நினைத்தேன். பில்லில் 2,000 ரூபாய்ப் புடவைக்கு 800 ரூபாய் வாங்கினார்கள். ஏமாற்றமா?

பதில்: பில் சரிதான். பாதி குறைந்து 1,000 ஆன பிறகே 20 சதவீதம் கழிகிறது. மொத்தம் 60 சதவீதம். ஆனால் 2,000 என்ற எண்ணை எழுதியது யார் என்பதே முக்கியமான கேள்வி. பற்பசைக்குப் பக்கத்துக் கடையில் அதே பொருள், அதே அளவு, ஒப்பிட விலை இருக்கிறது. புடவையில் கடை தன் பெயரிலேயே விலைச்சீட்டு போட்டிருந்தால் ஒப்பிட வேறெங்கும் அதே புடவை கிடையாது; ஆனி மாதத்தில் அந்தச் சீட்டில் என்ன விலை இருந்தது என்று தெரிந்தவர்களால் மட்டுமே அது மெய்யான தள்ளுபடியா என்று சொல்ல முடியும். உங்கள் ஊரிலேயே ஜவுளிச் சந்தை இருக்கிறது. அதே நூல், அதே கரை வேலை உள்ள ஒரு புடவையை அங்கே விலை கேட்டுப் பாருங்கள். 750 ரூபாய் என்றால் 60 சதவீதத்தை மறந்துவிடலாம். 1,200 என்றால் வாங்கியது நல்ல விலைதான். இரண்டு துணியும் ஒரே தரமா என்று கையால் தொட்டுச் சொல்லும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இதற்கு மேல் உறுதியான வழி எதையும் என்னால் காட்ட முடியவில்லை. நெசவுத் தொழிலில் இருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால் எழுதலாம்.