ஷிப்ட் போக மிச்ச நேரத்தில் நீட்: ஆறு மாதத்துக்கு ஒரு வார அட்டவணை

திருப்பூர் மாணவி: அண்ணா, பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன். மதியம் 1.30ல இருந்து ராத்திரி 8.30 வரைக்கும் வேலை, ஞாயிறு லீவு. நவம்பர்ல தொடங்கினா மே மாச நீட்டுக்கு முடிக்க முடியுங்களா?

முடியும் கண்ணு. முதலில் மணிக்கணக்கைப் போடு. காலை 5.30 முதல் 7.30 வரை இரண்டு மணி, 9 முதல் 12 வரை மூன்று மணி. ஆறு நாளைக்கு 30, ஞாயிறு 5, ஆக வாரத்துக்கு 35. கையில் 26 வாரம் இருக்கிறது என்று எண்ணாதே. ஷிப்மெண்ட் நெருக்கடி, பொங்கல், காய்ச்சல் என்று நாலு வாரம் போய்விடும். 22 வாரம், 770 மணி. அதற்குள் அடங்குகிற மாதிரிதான் திட்டம் போட வேண்டும்.

காலை 5.30 மணி இயற்பியல் கணக்குக்கு. வேலை நாளில் திங்கள் மட்டும் விதிவிலக்கு, காரணம் பின்னால் சொல்கிறேன். 9 மணி நேரத்தில் திங்கள், புதன், வெள்ளி உயிரியல். செவ்வாய், வியாழன் வேதியியல். ஞாயிறு காலை இரண்டு மணியும் வேதியியலுக்கே. சனிக்கிழமை 9 முதல் 12 வரை ஒன்றுமே எழுதாமல் காலியாக விடு. அந்த வாரம் எது விட்டுப்போனதோ அது அங்கே வந்து உட்காரும். காலி இடம் இல்லாத டைம்டேபிள் மூன்றாம் வாரமே சுவரில் தொங்கும் வெறும் தாளாகிவிடும்.

ராத்திரி வந்து இயற்பியல் வேண்டாம். நான் தறி ஓட்டிக்கொண்டு படித்த காலத்தில் ஒன்பது மணிக்குமேல்தான் கணக்குப் போடுவேன். அந்த நோட்டை இப்போது எடுத்தால் பாதிப் பக்கத்துக்குமேல் எழுத்து சரிந்து ஓடுகிறது, விடையும் தப்பு. ராத்திரி என்சிஇஆர்டி உயிரியலில் நாலு பக்கம் வாசி, படுத்துவிடு.

அவிநாசி மாணவர்: 180 கேள்வியில 90 உயிரியல், 720ல 360 மார்க். அப்ப பாதி நேரம் அதுக்குத்தானே குடுக்கணும்?

கணக்கு சரி, முடிவு பாதிதான் சரி. உயிரியலில் ஒரு மணி நேரம் வாசித்தால் கிடைப்பது, இயற்பியலில் மூன்று மணி போட்டால்தான் கிடைக்கும். என்சிஇஆர்டி வரி ஏற்கெனவே மனதில் நிற்கிறவருக்கு உயிரியலில் பாதி நேரம் வீண். இன்னும் நிற்காதவர் என்றால் முதல் எட்டு வாரம் நீங்கள் சொல்கிறபடியே போகலாம்.

திருப்பூர் மாணவி: திங்கட்கிழமை எதுக்குங்கண்ணா?

ஞாயிறு 2 முதல் 5 வரை தேர்வு எழுதணும். நீட்டும் அதே நேரம்தான். தினமும் அந்த நேரத்தில் நீ செக்கிங் டேபிளில் நிற்கிறாய், அதனால் மதியத்தில் மூளை பாடத்துக்குப் பழக ஞாயிறு ஒன்றுதான் வழி. முதல் 16 வாரம் முடித்த பாடத்தில் மட்டும் எழுது, அப்புறம் முழு 180 கேள்வி.

திங்கள் காலை இரண்டு மணி அந்தத் தாளைப் பிரித்துப் பார்க்க. போன வருடம் ஒரு பையனுக்கு 112 சரி, 48 தப்பு, 20 விட்டது. 448ல் 48 போக 400. அந்த 48ஐயும் மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். தெரியாதது 29, கணக்கில் சறுக்கியது 11, கேள்வியைத் தப்பாக வாசித்தது 8. பின்னால் உள்ள 19ம் அவனுக்குத் தெரிந்த கேள்விகள். ஒரு தப்பு சரியானால் 4 வரும், கழிந்த 1ம் திரும்பும், அதாவது 5 மார்க். 19க்கு 95. புதுப் பாடம் ஒன்றுகூடப் படிக்காமல் 495 கையெட்டும் தூரம். "தவறானது எது" என்ற கேள்வியில்தான் எட்டில் ஐந்து போயிருந்தது. அந்தச் சொல்லுக்கு வட்டம் போடப் பழகினான்.

நாமக்கல்லில் இருந்து ஒருவர்: நான் கோச்சிங்ல இருந்தப்ப காலையிலதான் டெஸ்ட் வைப்பாங்க, எனக்கு ஒண்ணும் குறையலையே?

நீங்கள் நாள் முழுக்கப் படிப்பில் இருந்தீர்கள். வேலைக்குப் போகிறவருக்கு மதியம்தான் கண் சொக்கும். ஆனாலும் இது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு வாரம் காலையிலும் இரண்டு வாரம் மதியமும் எழுதி மார்க்கைப் பாருங்கள்.

பொள்ளாச்சியில் இருந்து ஒருவர்: நான் பெட்ரோல் பங்க்ல நைட் டூட்டிங்க. குரூப் 4க்கு இதே டேபிள் ஆகுங்களா?

ஆகாதுங்க. அங்கே 200 கேள்வியில் 100 தமிழ், நெகட்டிவ் மார்க்கும் கிடையாது. இதில் உங்களுக்கு உதவுவது அந்தக் காலிச் சனிக்கிழமை ஒன்றுதான். தூங்கி எழுந்த பிறகு வரும் முதல் இரண்டு மணியை விட்டுவிடாதீர்கள்.

திருப்பூர் மாணவியின் அம்மா: கடைசி மாசம் வேலைய நிறுத்திடட்டுங்களா சாமி? வாரச் சம்பளம் போனா வட்டி கட்டறது கஷ்டம்.

என்னால் ஒரே பதிலாகச் சொல்ல முடியவில்லைங்கம்மா. கடன் கவலையோடு உட்கார்ந்தால் மிச்சமாகும் நேரமும் படிப்புக்கு ஆகாது. ஏப்ரலில் 5.30 வரைக்கும் மட்டும், அரை ஷிப்ட் பார்க்க விடுவார்களா என்று சூப்பர்வைசரிடம் பிப்ரவரியிலேயே கேட்டு வையுங்கள். ஷிப்மெண்ட் நேரத்தில் போய்க் கேட்டால் விடமாட்டார்கள்.