லீட் ஆடிட்டர் கோர்ஸ் முடித்தால் ஆடிட்டுக்குப் போகலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலையில் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஐ.எஸ்.ஓ. 9001 லீட் ஆடிட்டர் கோர்ஸில் சேரப்போகிறேன். பரீட்சையில் என்ன வரும்? பாஸானதும் ஆடிட்டுக்குப் போகலாமா?

பதில்: உடனே போக முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமாக ஐந்து நாள், நாற்பது மணி நேரம் உட்கார்ந்து, பரீட்சையும் எழுதிக் கிடைப்பது கோர்ஸில் தேறிய சான்றிதழ். தேறாவிட்டால் கலந்துகொண்டதற்கு மட்டும் ஒன்று தருவார்கள், வேலைக்கு எடுப்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பார்கள்.

பரீட்சையில் ஸ்டாண்டர்டின் பிரிவுகள், ஆடிட்டைத் திட்டமிடுவது, செக்லிஸ்ட், கடைசிக் கூட்டம் எல்லாம் வரும். ஆனால் ஆள் தடுமாறுவது ஒரு சம்பவத்தைக் கொடுத்து 'இது நான்-கன்ஃபார்மிட்டியா, அதாவது ஸ்டாண்டர்டு கேட்பதற்கு மாறான குறையா?' என்று கேட்கும் இடத்தில்தான். உங்கள் ஆலையையே வைத்துப் பாருங்கள். அரிசியின் ஈரப்பதம் பார்க்கும் மீட்டரில் ஒட்டிய கேலிபரேஷன் ஸ்டிக்கரில் தேதி போன மாதமே முடிந்திருக்கிறது. அதை வைத்தே நான்-கன்ஃபார்மிட்டி எழுதினால் மார்க் போகும், ஏனென்றால் புதுச் சான்றிதழ் வந்து ஸ்டிக்கர் மட்டும் மாற்றாமல் இருக்கலாம், அல்லது அந்த மீட்டரை ஓரமாக ஒதுக்கியே வைத்திருக்கலாம். அப்போது கேலிபரேஷன் சான்றிதழையும், எந்த மீட்டரில் பார்த்து லோடு அனுப்பினார்கள் என்ற ரிஜிஸ்டரையும் கேட்பேன் என்று எழுத வேண்டும்.

சரி, சான்றிதழும் காலாவதி, அதே மீட்டரில் பார்த்துத்தான் லோடும் போயிருக்கிறது என்றால் இப்போது எழுதலாம். குறை என்ன, மீட்டர் எண்ணும் தேதியும் லோடு எண்ணும் சேர்த்து ஆதாரம் என்ன, அளவிடும் கருவிகளைப் பற்றிய ஐ.எஸ்.ஓ. 9001-இன் 7.1.5.2 பிரிவு என்ன கேட்கிறது, இந்த மூன்றும் இருந்தால் போதும். 'ஊழியர்களுக்கு அக்கறை இல்லை' என்ற உங்கள் கருத்தோ, 'புது மீட்டர் வாங்குங்கள்' என்ற யோசனையோ அதில் வரவே கூடாது.

அப்புறம் அனுபவம். இத்தனை ஆடிட் வேண்டும் என்ற கணக்கை ஒவ்வொரு சான்றளிப்பு நிறுவனமும், ஆடிட்டர் பதிவு அமைப்பும் தனித்தனியாக வைத்திருக்கின்றன. ஆடிட் செய்வதற்கான வழிகாட்டியான ஐ.எஸ்.ஓ. 19011-இன் 2002 பதிப்பு ஒரு கணக்குக் கொடுத்தது: பயிற்சி ஆடிட்டராக 4 முழு ஆடிட், மொத்தம் 20 நாள், அதன்பின் மேற்பார்வையில் குழுவை நடத்தி 3 ஆடிட், 15 நாள். பிந்தைய பதிப்பில் அந்த அட்டவணையை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அதிலிருந்து புரியும். முழு ஆடிட் என்றால் ஆவணம் பார்ப்பதில் தொடங்கி அறிக்கை வரை. சொந்த ஆலையில் ஒரு பிரிவை மட்டும் பார்த்துவிட்டு வரும் உள் தணிக்கை பல இடங்களில் செல்லாது.

அதனால் உங்கள் ஆலைக்குச் சாக்குப்பை சப்ளை செய்பவரை, லேப் வைத்திருப்பவரை ஆடிட் செய்யும் வாய்ப்பை இப்போதே முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் பெயர், நாள், உங்கள் பங்கு, குழுத் தலைவரின் கையெழுத்து இவற்றை அன்றன்றே பதிவேட்டில் வாங்கிவிடுங்கள், பிறகு அலைந்தால் கிடைக்காது. ஃபீஸ் கட்டுமுன் திருச்சியிலோ சென்னையிலோ உள்ள ஒரு சான்றளிப்பு நிறுவனத்துக்குப் போன் போட்டு, அந்தக் கோர்ஸ் சான்றிதழை ஏற்பார்களா, பயிற்சி ஆடிட்டராகக் கூட்டிப்போவார்களா என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.