எடிட்டிங் பிறகு, முதலில் வீடியோவை வாங்குங்கள்

"அம்மாவுக்கு அடுத்த மாதம் 60 வயது. தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவர். சொந்தக்காரர், பழைய மாணவர் என்று ஒரு 40 பேரிடம் சின்னச் சின்ன வீடியோ வாங்கி ஒன்றாக்கிக் கொடுக்க ஆசை. கொழும்பு, கட்டார், கோத்தகிரி என்று ஆளுக்கொரு இடத்தில் இருக்கிறார்கள். அம்மாவுக்கும் தெரியக்கூடாது. எப்படிச் செய்வது?" – அட்டனிலிருந்து ஒரு மகள்

எடிட்டிங்கை நினைத்து இப்போதே பயப்பட வேண்டாம், அது ஒரு சனி ஞாயிறு வேலை. மண்டை காயப்போவது வீடியோக்களை வாங்குவதில்தான், அதில் பாதி நீங்கள் அனுப்பும் முதல் செய்தியிலேயே தீர்மானமாகிவிடும். "அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு வீடியோ அனுப்புங்க" என்று பொதுவாகக் கேட்டால், பாதிப் பேர் "நீடூழி வாழ்க" என்று 5 விநாடியில் முடித்துவிடுவார்கள், மீதிப் பேர் நிறுத்தவே மாட்டார்கள். ஆளுக்கு 20 விநாடி என்றால் 40 பேருக்கு 13 நிமிடம் சொச்சம், உட்கார்ந்து பார்க்கலாம். ஆளுக்கு 2 நிமிடம் என்றால் 80 நிமிடம், அம்மாவைத் தவிர வேறு யாரும் பார்க்கமாட்டார்கள்.

அதனால் ஒரு கேள்வி கேளுங்கள். மாணவர்களுக்கு இப்படி எழுதலாம்: "டீச்சருக்கு 60 வயசு ஆகுது, அவருக்குத் தெரியாம ஒரு வீடியோ செய்றோம். டீச்சர் உங்கள ஏசின ஒரு நாள் ஞாபகம் இருக்கா? அத மட்டும் 20 செக்கனில் சொல்லுங்க. முதலில் உங்க பேரும் எந்த வருசம் படிச்சீங்கன்னும் சொல்லுங்க. போனைக் கிடையாகப் பிடிங்க. 10ஆம் தேதிக்குள் எனக்கு மட்டும் அனுப்புங்க." சொந்தக்காரருக்கு வேறு கேள்வி, உதாரணமாக அம்மா கையால் சாப்பிட்டதில் எது ஞாபகம் என்று. பிறந்தநாள் 20ஆம் தேதி என்றாலும் 10 என்றே சொல்லுங்கள், நம்மவர்கள் எப்போது அனுப்புவார்கள் என்று உங்களுக்கே தெரியும். குடும்ப குரூப்பில் மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள். அம்மா அதில் இல்லாவிட்டாலும், யாராவது ஒரு பெரியம்மா "நான் அனுப்பிட்டேன், கிடைச்சதா?" என்று அம்மாவுக்கே கோல் எடுப்பார். தனித்தனியாக அனுப்புவதுதான் சரி.

அடுத்தது தரம். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் வரும், போனில் தெரியாத குறை டிவியில் முகம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். பேப்பர் கிளிப் படத்தை அழுத்தி, Document என்பதைத் தெரிவு செய்து, அதன் வழியாக வீடியோவை அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே வரும். 20 விநாடிக்கு 20 முதல் 50 எம்பி வரை போகலாம், வைஃபை இருக்கும்போது அனுப்பச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு இது பிடிபடாவிட்டால் விடுங்கள், சாதாரணமாகவே அனுப்பட்டும், மங்கலான வீடியோவே இல்லாத வீடியோவைவிட மேல். வந்ததும் கோப்பின் பெயரை ஆளின் பெயராக மாற்றி வையுங்கள். VID என்று தொடங்கும் 40 கோப்புகளில் மாமாவைத் தேடும் வேலை இருக்கிறதே, அது வேண்டாம்.

படத்தைவிடச் சத்தம்தான் நம் ஊரில் பெரிய தலைவலி. தகரக் கூரைக்குக் கீழே மழை நேரத்தில் எடுத்தால் ஒரு சொல்லும் கேட்காது, பிறகு எந்த எடிட்டிங்கிலும் அதை மீட்க முடியாது. லயத்தில் ஸ்மார்ட்போன் இல்லாத தாத்தா, பாட்டி இருப்பார்களே, அவர்களிடம் நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், மற்ற நாளில் வீட்டில் பேரப்பிள்ளைகள்கூட இருக்கமாட்டார்கள். அறைக்குள் இருட்டு, அதனால் இஸ்தோப்பில் வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார வைத்து, ஒரு கை நீளத்தில் போனை வைத்து எடுங்கள். "வாழ்த்துச் சொல்லுங்க" என்றால் விறைத்துப்போவார்கள். "அம்மா சின்னப் பிள்ளையில எப்படி?" என்று கேட்டுவிட்டுப் பேச விடுங்கள், நல்ல 20 விநாடி தானாக விழும்.

ஒன்றாக்க கேப்கட் போன்ற இலவச ஆப் போதும். வந்த ஒழுங்கில் அடுக்காதீர்கள். சிரிப்பு வரும் மாணவர்களை முன்னால் போட்டு, அம்மா பல வருடமாக நேரில் காணாத கோத்தகிரிச் சொந்தத்தைக் கடைசியில் வையுங்கள். நெட்டுக்குத்தாக வந்த வீடியோக்களின் இரு பக்கமும் கறுப்பாக நிற்கும், அந்த இடத்தில் அதே வீடியோவை மங்கலாக்கிப் போட்டால் உறுத்தாது. ஒருவர் கத்துவார், அடுத்தவர் முணுமுணுப்பார், சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சமப்படுத்துங்கள்.

முடிந்ததும் ஆப்பிலிருந்து 1080p, MP4, H.264 என்ற வகையில் சேமித்துப் பென் டிரைவில் போட்டு, அன்று போடப்போகும் அதே டிவியில் அம்மா வெளியே போன நேரமாகப் பார்த்து ஓட்டிப் பாருங்கள். புதிய போன்கள் பயன்படுத்தும் HEVC வகையில் சேமித்தால் பழைய டிவியில் சத்தம் மட்டும் வந்து படம் வராமல் போகலாம்.

பிறந்தநாள் காலையிலும் நாலு பேர் வீடியோ அனுப்புவார்கள். அதைச் சேர்க்கிறேன் என்று முடிந்த கோப்பைத் திறக்காதீர்கள், அம்மாவின் போனுக்கே நேராக அனுப்பச் சொல்லிவிடுங்கள்.