செம்புத் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

போன மாதம் வீட்டில் காதுகுத்து. பந்தியில் என் அண்ணன் என் மகளிடம், "என்னடி கறுப்பி, இன்னும் ஒரு சுத்து பெருத்துட்ட?" என்றார். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். மாலையில் என் மகன் அவனுடைய பெரியப்பாவிடம், "என்ன பெரியப்பா, தலையில கிரவுண்டு காலியா கிடக்கு" என்றான். அவர் இன்றுவரை அவனோடு பேசவில்லை. இரண்டும் கேலிதானே? ஏன் ஆளுக்கு ஒன்று தப்பாகப் படுகிறது?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் கடைசி நாள் மஞ்சள் நீர் விளையாட்டு. வெளியூர்க்காரர் யாராவது வந்தால், செம்போடு நிற்கிற பெண் பக்கத்தில் உள்ள பாட்டியிடம், "இவங்க எனக்கு என்ன முறை?" என்று கேட்பாள். மாமன், மச்சான் முறை என்றால் தலையோடு ஊற்றுவாள். அண்ணன், சித்தப்பா முறை என்றால் செம்பு கீழே இறங்கிவிடும். கேலியும் அப்படித்தான் ஓடியது. கட்டிக்கொள்ளும் முறை உள்ள பக்கம் பாயும், பங்காளி பக்கம் பாயாது.

உங்கள் அண்ணன் தாய்மாமன். கேலி செய்வது தன் உரிமை என்றே அவர் வளர்ந்திருப்பார். பெரியப்பாவோ அப்பா ஸ்தானம். மகன் சொன்னது வழுக்கையைப் பற்றி என்பதால் அவருக்குக் கோபம் வரவில்லை, அவன் சொன்னான் என்பதால் வந்தது. அதையே ஒரு மச்சான் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். பிள்ளைகளுக்கு இந்த வரைபடமே தெரியாது. சொந்தத்தில் கட்டுவது குறைந்த பிறகு, முறை தெரிந்து ஆக வேண்டியது எதுவும் அவர்களுக்கு இல்லை. நெருக்கமானவரை யாராக இருந்தாலும் கலாய்க்கலாம், ஆனால் நிறத்தையும் உடம்பையும் தொடக் கூடாது என்பது அவர்களுடைய கணக்கு.

ரேட்கிளிஃப்-பிரவுன் என்ற மானுடவியலாளர் 1940இல் இந்தக் கேலி உறவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் சீண்டலாம், சீண்டப்பட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதே இந்த உறவின் விதி என்கிறார். அந்த இரண்டாம் பாதிதான் என்னை உறுத்துகிறது. "கறுப்பி" என்ற சொல் அந்தக் காலப் பெண்களுக்கும் வலித்திருக்கும். என் அத்தை ஒருத்தி எழுபது வயதிலும் போட்டோ எடுக்கும்போது முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொள்வாள். சிறுவயதில் மாமன்மார் வைத்த பெயர் அவளை விட்டுப் போகவே இல்லை. கோபிக்க அவளுக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான். உங்கள் மகள் அந்த அனுமதியைத் தானே எடுத்துக்கொண்டாள். அவள் எழுந்து போனது சரி.

அண்ணனிடம் நீங்களே பேசுங்கள், அவளை அனுப்ப வேண்டாம். கேலியை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது அவருடைய பாசம். அவள் பத்து மணிவரை தூங்குவதையோ தோசையைக் கருக்குவதையோ வைத்து வம்பிழுக்கட்டும். அவள் திருப்பி அவரை ஒரு வார்த்தை சொன்னால் அவரும் வாங்கிக்கொள்ள வேண்டும். மஞ்சள் நீரில் ஊற்றியவரும் நனைந்துதானே வீடு போனார்?

பெரியப்பா விஷயம் சுலபம். மகனை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். சம்பந்தி வீட்டார் முன்னால் சொன்னான் என்றால், அதற்காக மட்டும் அவன் வருத்தம் தெரிவிக்கட்டும்.