தாய்மாமன் சீரும் நவாஹோ ஓட்டமும்

கேள்வி: பெண் வயதுக்கு வந்தால் ஊரைக் கூட்டி விழா எடுப்பது நம்மிடம் மட்டும்தானா? மற்ற நாடுகளில் எப்படி? ஆண் பிள்ளைகளுக்கு ஏன் எதுவும் இல்லை?

பதில்:

நான் ஒரு தாய்மாமன். சீர் வைத்தவன். அந்த இடத்திலிருந்துதான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

2019 தொடக்கத்தில் ஒரு நாள் காலை அக்கா போனில் "தம்பி, பாப்பா பெரியமனுஷி ஆயிட்டா" என்றாள். நான் வாழ்த்து சொல்லி வாய் மூடுவதற்குள் அம்மா போனை வாங்கி, "கீத்து எத்தனை வேணும்னு பாரு" என்றார். எங்கள் தேனிப் பக்கத்தில் தாய்மாமன்தான் பச்சைத் தென்னங்கீற்றால் குச்சு கட்ட வேண்டும். பெண் ஒற்றைப்படையில் ஏழோ ஒன்பதோ பதினொன்றோ நாள் அதற்குள் இருப்பாள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். வாசலில் குறுக்கே ஓர் உலக்கை, செருகிய வேப்பிலை. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு கருப்பட்டி போட்ட உளுத்தங்களி. கடைசி நாளில் குச்சைப் பிரித்து எரித்துவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைப்பார்கள்.

நான் குச்சு கட்ட மாட்டேன் என்றேன். கஜா புயல் அடித்து மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. 2018 நவம்பரில் அந்தப் புயல் இரவில் பட்டுக்கோட்டை பக்கம் ஒரு பள்ளிச் சிறுமி இப்படித் தனிக் குடிசையில் இருந்தபோது தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். அந்தச் செய்தி அம்மாவுக்கும் தெரியும். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு மாடி அறையின் ஒரு மூலையில் நான்கு கீற்றைச் சாத்தி வைத்தோம். மின்விசிறி ஓடிய குச்சு எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல்.

ஒன்பது நாளும் பாப்பா பள்ளிக்குப் போகவில்லை. அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மாமா, போர்டுல என் போட்டோ போடாம இருக்கச் சொல்றீங்களா?" பூப்புனித நீராட்டு விழா என்று பெரிய எழுத்தில் பள்ளிக்குப் போகும் வழியில்தான் போர்டு வைத்தார்கள். சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. அவள் வகுப்புப் பையன்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கேள்வி எனக்கும் வந்தது. கொஞ்சம் படித்தேன். வான் ஜெனப் என்பவர் 1909-ல் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூல்தான் இப்படிப்பட்ட சடங்குகளை ஆராய்பவர்களுக்கு இன்றும் முதலில் கையில் கொடுக்கப்படுவது. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு ஆளை மாற்றும் சடங்குகளில் மூன்று கட்டம் உண்டு என்கிறார்: பழைய இடத்திலிருந்து பிரிப்பது, இரண்டுக்கும் நடுவே வைத்திருப்பது, புதிய இடத்தில் சேர்ப்பது. குச்சுக்குள் போவது, குச்சில் இருப்பது, குச்சை எரித்துவிட்டு உள்ளே வருவது என்று நம் சடங்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் என்னை நிறுத்தியது அவர் சொன்ன இன்னொன்று. உடம்பு பருவம் அடைவதும், சமூகம் ஒருவரைப் பருவம் அடைந்தவராக எண்ணுவதும் வெவ்வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது அபூர்வம் என்கிறார். பாப்பா அப்போது ஏழாம் வகுப்பு. 'பெரியமனுஷி' என்ற பட்டத்தோடு பள்ளிக்குத் திரும்பிய பிறகும் அவள் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று அடி வாங்கினாள். திருமணத்துக்குச் சட்டப்படி 18 ஆக வேண்டும். அப்படியென்றால் அந்த ஒன்பது நாளில் மாறியது என்ன?

இதே நிகழ்வுக்கு வேறொரு சமூகம் என்ன செய்கிறது என்று பார்த்தால் விடை கொஞ்சம் தெளிகிறது. அமெரிக்காவில் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் வாழும் நவாஹோ பழங்குடியினர் இந்தச் சடங்கை கினால்டா என்கிறார்கள். அவர்களும் முதல் மாதவிலக்கின்போதுதான் செய்கிறார்கள். நான்கு நாள் சடங்கு. ஆனால் அங்கே பெண் உட்கார்ந்திருப்பதில்லை, ஓடுகிறாள். கிழக்கு நோக்கி, ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட அதிக தூரம். பிள்ளைகளும் உறவினரும் சத்தம் போட்டுக்கொண்டே பின்னால் ஓடுவார்கள். அவளை முந்தக் கூடாது, முந்தினால் சீக்கிரம் கிழடு தட்டிவிடும் என்பது நம்பிக்கை. ஊரில் நல்ல பேர் எடுத்த ஒரு பெண்மணியைக் குடும்பம் தேர்ந்தெடுக்கும். அவர் இவளைக் கம்பளத்தில் படுக்க வைத்து, மாவு பிசைவதுபோல் உடம்பைத் தலையிலிருந்து கால்வரை நீவிவிடுவார். அந்த நாட்களில் அவள் உடம்பு ஈரக் களிமண்போல் இளகியிருக்கும், இப்போது எப்படி வனைகிறோமோ அப்படியே வாழ்நாளுக்கும் நிற்கும் என்பது கணக்கு. ஆகவே சோம்பி உட்காரக் கூடாது.

மிச்ச நேரமெல்லாம் சோளம் அரைப்பது அவள் வேலை. நம் வெள்ளைச் சோளம் இல்லை, மக்காச்சோளம். அந்த மாவைக் கரைத்து, தரையில் தோண்டி நெருப்பு மூட்டிச் சூடேற்றிய வட்டமான குழியில், சோளத் தோகை பரப்பி ஊற்றுவார்கள். மேலேயும் தோகை, அதன்மேல் மண், மண்ணுக்கு மேல் நெருப்பு. இரவு முழுக்க அது உள்ளே வேகும். பெரியவர்கள் தூங்காமல் பாடிக்கொண்டிருப்பார்கள். விடியும்போது யுக்கா என்ற செடியின் வேரை நுரைத்து அவள் தலையைக் கழுவிவிட, கடைசி ஓட்டம் ஓடிவிட்டு வந்து அந்தப் பெரிய அப்பத்தை வெட்டி எல்லாருக்கும் கொடுப்பாள். அவள் மட்டும் அதைத் தின்னக் கூடாது.

இங்கே பாப்பாவுக்குக் களி கிண்டி ஊட்டினோம். அங்கே அவள் ஊருக்கே அப்பம் சுட்டுப் போடுகிறாள், தனக்கு ஒரு விள்ளல் எடுப்பதில்லை. இன்னொன்று: சடங்கின்போது சின்னப் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள், அவள் ஒவ்வொருவரையும் தூக்கிவிடுவாள். அவள் கைபட்டால் உயரமாக வளருவார்களாம். நம் குச்சில் அவள் கைபட்ட டம்ளரைத் தனியே கவிழ்த்து வைக்கிறோம். நவாஹோ பெண்களுக்குத் தீட்டே இல்லை என்று இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். பிறகு வரும் மாதவிலக்குகளின்போது சில சடங்குகளிலிருந்து விலகியிருக்க வேண்டிய கட்டுப்பாடு அங்கும் உண்டு. ஆனால் முதல் முறை மட்டும் அவளிடம் இருப்பது ஒரு சக்தி, அதை ஊர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

ஆகவே கினால்டா அந்தப் பெண்ணோடு பேசுகிறது: ஓடு, அரை, கொடு என்கிறது. நம் சடங்கு யாரோடு பேசுகிறது? பாப்பாவோடு இல்லை என்று மண்டபத்தில் நின்றபோதே தோன்றியது. மேளம் முன்னால் போக, நான் 21 தட்டு சுமக்க ஆள் வைத்துக் கொண்டுபோனேன். பட்டுப்புடவை, அரைப் பவுன் தோடு, பழம், பலகாரம். பாதிக் காசு கைமாத்து. வாசலில் நின்ற பெண்கள் முதலில் எண்ணியது தட்டைத்தான். என் பெயர்தான் மொய் நோட்டில் முதல் வரி.

1949, 50-ல் மதுரைக்கு மேற்கே தங்கி ஆய்வு செய்த லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை வேறு மாதிரி படித்தார். திருமணத்தில் தொடங்கும் கொடுக்கல் வாங்கல் திருமணத்தோடு முடிவதில்லை. பெண் கொடுத்த வீடு அடுத்த தலைமுறைப் பிள்ளைகளின் சடங்குகளிலும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, தாய்மாமன் சீர் அதன் தொடர்ச்சி என்றார். எனக்கு அது உறைத்ததற்கு வீட்டுக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. என் அக்காவுக்குக் கல்யாணம் 2004-ல். அப்பா இறந்தபிறகு பத்திர ஆபீசில் அவள் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள், ஒரு பைசா வாங்காமல். "அதான் நீ மாமனா நின்னு செய்யப் போறியே" என்றார் கூட வந்த பெரியப்பா. அந்த ஒன்றேகால் ஏக்கரில் பாதிக்கு 21 தட்டு. அக்கா கணக்குப் பார்த்தாளா என்று தெரியாது. நான் பார்த்தேன்.

முறை மாமனுக்கே பெண் என்ற வழக்கம் இருந்தவரை அந்தத் தட்டில் ஓர் உரிமைப் பேச்சும் இருந்தது: பெண் தயாராகிவிட்டாள், நாங்கள் மறக்கவில்லை என்று. இன்று அந்தச் சேதிக்கு அர்த்தமில்லை. பாப்பாவுக்குக் கல்யாணம் நினைக்க அதன்பிறகு பத்து வருஷமாவது இருந்தது. சேதி போய்விட்டாலும் போர்டு நிற்கிறது.

உடம்பை விட்டுவிட்டு நாள்காட்டியைப் பிடித்தால் சரியாகிவிடுமா என்றால், ஜப்பானைப் பாருங்கள். அங்கே வயது வந்தோர் தினம் என்று 1948-லிருந்து அரசு விடுமுறையே உண்டு. முதலில் ஜனவரி 15, 2000-லிருந்து ஜனவரி மாத இரண்டாம் திங்கள். 20 வயதானவர்களை நகராட்சி கூப்பிட்டு வாழ்த்தும். ஆணும் பெண்ணும் சேர்ந்து வருவார்கள், தாய்மாமன் தட்டு கிடையாது. பெண்கள் ஃபுரிசோதே என்ற நீளக் கை கிமோனோ அணிவார்கள். அது மணமாகாத பெண்ணின் உடை என்பதால் நம் தாவணி நினைவுக்கு வருகிறது. 2022 ஏப்ரலில் சட்டம் வயது வரம்பை 18 ஆக்கியது. ஆனால் பெரும்பாலான ஊர்கள் விழாவை 20-லேயே வைத்துக்கொண்டன. காரணம் எளிது: 18 வயதுப் பிள்ளைகளுக்கு ஜனவரியில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. ஆக அங்கே சட்டப்படி பெரியவராகி இரண்டு வருஷம் கழித்துத்தான் ஊர் வாழ்த்துகிறது. வான் ஜெனப் சொன்ன இடைவெளி உடம்பு சம்பந்தப்படாத இடத்திலும் வந்துவிட்டது.

ஆண் பிள்ளைகள் விஷயம். பெண்ணுக்கு இருப்பதுபோல் இன்ன நாள் என்று காட்டும் அடையாளம் ஆண் உடம்பில் இல்லை. அதனால் பல சமூகங்கள் அவனுக்கு ஒரு சோதனையைச் செய்து வைத்தன. எத்தியோப்பியாவின் ஹமர் மக்களிடம், வரிசையாக நிறுத்திய மாடுகளின் முதுகில் விழாமல் ஓடிக் கடந்தவன்தான் பெண் கட்டலாம். நம்மில் பூணூல் போடும் வீடுகளைத் தவிர மற்றவர்களுக்கு அந்த மாதிரி எதுவும் இல்லை. மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதோடு பையன் கணக்கு முடிந்துவிடுகிறது, அதுவும் விவரம் தெரியாத வயதில்.

என் மகனுக்கு இப்போது 14. போன வருஷமே குரல் உடைந்துவிட்டது. யாரும் கீற்று வெட்டவில்லை, யாருக்கும் போன் போகவில்லை. முடி வெட்டப் போன இடத்தில் சலூன்கார அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "தம்பிக்கு மீசையையும் லேசா எடுத்துவிட்ருவா?" என்று கேட்டார். பையன் என்னை முந்திக்கொண்டு, "வேணாம்ணே, இருக்கட்டும்" என்றான்.