ஒரே நாளில் மூன்று பந்தயம்: கைமுதலை எப்படிப் பிரிப்பது?

"கைமுதல் 1,000. இன்று மூன்று பந்தயம், மூன்றுக்கும் ஆட்ஸ் 2.00, அதாவது ஜெயித்தால் போட்டது இரட்டிப்பாகத் திரும்பும், வெற்றி வாய்ப்பு 60 சதவீதம் என்பது என் கணக்கு. கெல்லி சூத்திரம் ஒவ்வொன்றுக்கும் 200 என்கிறது. மொத்தம் 600 போடலாமா, இல்லை 200-ஐயே மூன்றாகப் பிரிக்கவேண்டுமா? இரண்டு பந்தயங்கள் ஒரே ஆட்டத்தில்: அணி ஜெயிக்கும், அதன் முன்கள வீரர் கோல் அடிப்பார்."

இரண்டும் வேண்டாம். 600 அதிகம். மூன்றாகப் பிரிப்பது தேவைக்கு மீறிய பயம்.

கைமுதலில் எத்தனை பங்கை வைத்தால் பணம் நீண்ட காலத்தில் வேகமாக வளரும் என்று சொல்வது ஜான் கெல்லி 1956-இல் எழுதிய சூத்திரம். அது, ஒரு பந்தயம் முடிந்து பணம் கைக்கு வந்தபின் அடுத்ததைப் போடுபவருக்கு நேராகப் பொருந்தும். முதல் பந்தயம் தோற்றால் கையில் 800 இருக்கும், அடுத்ததற்கு 160 போடுவீர்கள். மூன்றும் ஒன்றாக ஓடும்போது அப்படிக் குறைத்துக்கொள்ள வழியில்லை. தோல்வி தெரிவதற்கு முன்பே அடுத்த 200-ம் போய்விட்டது. அதனால் தொகை கொஞ்சம் இறங்கவேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு பந்தயம் என்றால் சரியான தொகை தலா 192, மூன்று என்றால் தலா 184 அளவில் வரும்.

இதைத் துல்லியமாகப் போட கணினி வேண்டும். கையால் போட ஒரு வழி உண்டு. முதல் பந்தயத்துக்கு 1,000-இல் 20 சதவீதம், அதாவது 200. மீதி 800-இல் 20 சதவீதம் 160. மீதி 640-இல் 128. கூட்டினால் 488, சமமாகப் பிரித்தால் தலா ஏறக்குறைய 163. துல்லியமான விடையைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் அந்தப் பிழை உங்களைக் காக்கிற பக்கம் இருக்கிறது. பந்தயம் எத்தனை கூடினாலும் மொத்தம் கைமுதலைத் தாண்டாது. பணத்தை மூன்று கணக்குகளில் வைத்திருந்தால் மூன்றையும் கூட்டியதுதான் கைமுதல்.

உங்கள் சிக்கல் அந்த இரண்டு பந்தயங்களில்தான் இருக்கிறது. அணி ஜெயிக்கிற நாளில்தான் பெரும்பாலும் அந்த வீரரும் கோல் அடிப்பார். அணி தடுமாறினால் இரண்டும் சேர்ந்தே போகும். சீட்டு இரண்டு, பந்தயம் ஏறக்குறைய ஒன்று. தனித்தனியாக எண்ணி 200, 200 போட்டால் ஒரே பந்தயத்தில் 40 சதவீதம் வைத்ததற்குச் சமம். அதன் விளைவைப் பாருங்கள். நூறு முறை ஆடி, நீங்கள் சொன்னபடியே 60 வெற்றி, 40 தோல்வி வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் கைமுதலில் 20 சதவீதம் வைத்தவரின் 1,000 ஏறக்குறைய 7,500 ஆகும். 40 சதவீதம் வைத்தவரிடம் 780 போல மிஞ்சும். கணிப்பு ஒன்றே, வெற்றி எண்ணிக்கையும் ஒன்றே. தொகை இரட்டிப்பானதால் மட்டும் வளர்ச்சி முழுவதும் கரைந்துவிட்டது.

ஒரே ஆட்டம், ஒரே அணி, ஒரே மழை எதிர்பார்ப்பு, எதுவானாலும் "இது தோற்றால் அதுவும் தோற்குமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆம் என்றால் ஒரே பந்தயமாகவே எண்ணுங்கள். பாதித் தொடர்புதான் என்றாலும் நான் ஒன்றாகவே எண்ணுவேன். ஆக உங்களிடம் இருப்பது இரண்டு பந்தயம்: 200-ம் 160-ம் சேர்ந்து 360, தலா 180. அந்த ஜோடிக்கு 90, 90. மூன்றாவதற்கு 180.

இதையும் பாதியாக்குங்கள். அந்த 60 சதவீதம் உங்கள் கணிப்பு மட்டுமே. உண்மை 55 ஆக இருந்தால் சரியான தொகை 10 சதவீதம், நீங்கள் வைப்பது அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளர்ச்சி பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஐந்து புள்ளி தவறுவது யாருக்கும் நடக்கும். ஆகவே ஜோடிக்கு 45, 45, மூன்றாவதற்கு 90.

அந்த 60 எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. டிப்ஸ் விற்கும் ஆளிடமிருந்து வந்திருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. அவர்களில் பலருக்கு, தாங்கள் அனுப்பிய வாடிக்கையாளர் தோற்கிற பணத்தில் பந்தய நிறுவனம் பங்கு தருகிறது. ஒரே ஆட்டத்தில் ஐந்து சீட்டு போடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் "மூன்று யூனிட்", அதாவது வழக்கமான தொகையில் மூன்று மடங்கு, என்று எழுதுவது அவர்களுக்கு லாபம். இவர்களை யாரும் கேட்பதில்லை. சரியாகக் கணித்து ஜெயிப்பவருடைய கணக்கில்தான் பந்தயத் தொகைக்கு உடனே உச்சவரம்பு வருகிறது. இந்த அநியாயத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. முன்கூட்டியே எழுதிவைத்த உங்கள் சொந்தக் கணிப்புகள் இருநூறு முந்நூறு இருந்தால், 60 என்று சொன்னவற்றில் எத்தனை ஜெயித்தன என்று எண்ணிப் பாருங்கள். பாதிதான் ஜெயித்திருந்தால், 2.00 ஆட்ஸில் சூத்திரம் தருகிற தொகை பூஜ்யம்.